ஒளிப்புள்ளி ஏன் ஊர்ந்து வந்தது?

கேள்வி: ஐயா, நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. போன மாதம் செய்முறை வகுப்பில் கால்வனோமீட்டரை வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தேன். மின்தடைப் பெட்டியில் 200 ஓம் எடுத்திருந்தேன். மின்கலத்தின் சாவியைக் கழற்றியதும் ஒளிப்புள்ளி சுழிக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? அது ஊர்ந்து ஊர்ந்து வந்தது. வந்து சேரவே இல்லை. ஆய்வகத்தில் இருந்தவர், "இழையை முறுக்கிக் கெடுத்துவிட்டாயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து அந்த மேசைப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

அதே வாரம் நடந்த உள்தேர்வில் θ″ + 1.2θ′ + θ = 0 என்ற சமன்பாடு வந்தது. 10 பிரிவில் இருந்து ஓய்வு நிலையில் விடப்படுகிறது என்று கொடுத்திருந்தார்கள். 10 e^(−0.6t) cos 0.8t என்று எழுதினேன். பாதி மதிப்பெண் போய்விட்டது. ஏன் என்று புரியவில்லை. மூலங்கள் சமமாக இருந்தால் t-ஆல் பெருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். t வளர்ந்துகொண்டே போகிறதே, விடையும் வளராதா? தடை அதிகமானால் சீக்கிரம் அடங்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது; மெதுவாகத் திரும்பும் என்கிறது புத்தகம். பருவத் தேர்வு நெருங்குகிறது. எதை நம்புவது?

– ம. க., மன்னார்குடி

பதில்: முதலில் உங்கள் மனத்தில் இருக்கும் கல்லை இறக்கி வைப்போம், அம்மா. நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் கருவி கெடவில்லை. இழை கெட்டிருந்தால் ஒளிப்புள்ளி மெதுவாக வராது. தவறான இடத்தில் போய் நிற்கும். சுழி நிரந்தரமாக ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். உங்களுக்கு நடந்தது வேறு. பெட்டியில் 200 ஓம் மட்டும் இருந்ததால் கருவி மிகைத் தடையில் (அலைவே இல்லாமல் மந்தமாகத் திரும்பும் நிலையில்) இருந்தது. தேர்வில் நீங்கள் மதிப்பெண் இழந்த சமன்பாடும் இந்தக் கருவியின் சமன்பாடுதான். ஆகவே உங்கள் கேள்விகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல், மேசை மேல் இருக்கும் கால்வனோமீட்டரை வைத்தே பதில் சொல்கிறேன்.

கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள் மெல்லிய இழையில் தொங்குகிறது. சுருள் θ கோணம் திரும்பினால் இழை அதைச் சுழியை நோக்கி cθ அளவு திருப்பு விசையால் இழுக்கும். இழை முறுக்கப்பட்டிருக்கும் வரை இந்த இழுப்பு இருக்கும், சுருள் ஓடினாலும் நின்றாலும். இரண்டாவது விசை வேறு இனம். காந்தப் புலத்தில் சுருள் ஓடும்போது அதில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. அதன் அளவு Gθ′ (G என்பது சுற்றுகளின் எண்ணிக்கை, சுருளின் பரப்பு, காந்தப் புலம் மூன்றின் பெருக்கல்). சுற்று மூடியிருந்தால் Gθ′/R மின்னோட்டம் ஓடும். அந்த மின்னோட்டத்தைக் காந்தப் புலம் மறுபடி G மடங்கு திருப்பு விசையாக்கி, லென்ஸ் விதிப்படி ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பும். ஆக தடை விசை (G²/R)θ′. சுருள் ஓடினால்தான் இந்தத் தடை உண்டு. நின்றால் அது பூச்சியம். இந்த ஒரு வித்தியாசத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டு விசைகளையும் சேர்த்து எழுதினால்:

I θ″ + (G²/R) θ′ + c θ = 0

I என்பது சுருளின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியை மாற்ற அது காட்டும் தயக்கம்). R என்பது பெட்டியின் மின்தடை மட்டும் அல்ல. சுருளின் மின்தடையும் சேர்ந்தது. மின்கலத்தின் சாவியைக் கழற்றிய பிறகும், பெட்டியும் அதன் மறுமுனையில் இருக்கும் சிறிய மின்தடையும் சுருளோடு சேர்ந்து மூடிய சுற்றாகவே இருக்கின்றன. சாவியைக் கழற்றினால் கால்வனோமீட்டரின் சுற்றும் திறந்துவிட்டது என்று நினைப்பது பலரும் செய்யும் பிழை. உங்கள் ஒளிப்புள்ளியை ஊர வைத்தது இந்த மூடிய சுற்றுத்தான்.

கணக்கு சுலபமாக முடியும்படி எண்களை நான் தேர்ந்துகொள்கிறேன். உங்கள் 200 ஓமை மட்டும் மாற்ற வேண்டாம். சுருளின் மின்தடை 100 ஓம். சுற்றைத் திறந்துவிட்டால் தடையே இல்லை என்று கொள்வோம். அப்போது சுருள் 6.28 நொடிக்கு ஒருமுறை அலைகிறது, அதாவது c/I = 1. தடைக் கெழு G²/(IR) = 1560/R என்று இருக்கட்டும். இப்போது பெட்டியில் 1200 ஓம் எடுத்தால் மொத்தம் 1300, கெழு 1.2. 680 ஓம் எடுத்தால் மொத்தம் 780, கெழு 2. உங்கள் 200 ஓமுக்கு மொத்தம் 300, கெழு 5.2. ஒரே கருவி, ஒரே சமன்பாடு. நடுவில் உள்ள எண் மட்டும் மாறுகிறது:

θ″ + 1.2 θ′ + θ = 0
θ″ + 2 θ′ + θ = 0
θ″ + 5.2 θ′ + θ = 0

புத்தகத்தில் மூன்று தலைப்புகளில் நீங்கள் படித்தவை இவைதான்.

தீர்க்கும் வழி 1743-இல் ஆய்லர் வெளியிட்டது. ஒரு சார்பையும் அதன் முதல், இரண்டாம் வகைக்கெழுக்களையும் மாறிலிகளால் பெருக்கிக் கூட்டினால் எப்போதும் பூச்சியம் வர வேண்டும். அப்படியானால் வகையிட்டாலும் தன் உருவம் மாறாத சார்பு ஒன்று வேண்டும். e^(mt) அப்படிப்பட்டது, ஒவ்வொரு வகையிடலுக்கும் அது ஒரு m-ஐ மட்டும் வெளியே தள்ளும். ஆகவே θ = e^(mt) என்று வைத்தால் மிஞ்சுவது துணைச் சமன்பாடு (m-இல் அமைந்த சாதாரண இருபடிச் சமன்பாடு). பத்தாம் வகுப்பிலேயே நீங்கள் தீர்த்தது அது. உங்கள் 200 ஓமில் இருந்து தொடங்குவோம்.

m² + 5.2m + 1 = 0. மூலங்கள் −0.2, −5. கூட்டினால் −5.2, பெருக்கினால் 1, சரிதான். விடை A e^(−0.2t) + B e^(−5t). தொடக்கத்தில் ஒளிப்புள்ளி 10 பிரிவில் நிற்கிறது, வேகம் பூச்சியம். ஆகவே A + B = 10, 0.2A + 5B = 0. இதிலிருந்து A = 10.42, B = −0.42.

இந்த இரண்டு உறுப்புகளும் இரண்டு வேறு வேலைகளைச் செய்கின்றன. e^(−5t) ஒரு நொடிக்குள் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஓய்வில் இருந்த சுருள் தன் ஊரும் வேகத்தைப் பிடிப்பதற்கான சிறிய தொடக்கம் அது, அவ்வளவே. அதன் பிறகு மேடையில் இருப்பது 10.42 e^(−0.2t) மட்டும். 5 நொடி கழித்தும் ஒளிப்புள்ளி 3.8 பிரிவில் இருக்கும். 10 நொடியில் 1.4. பிரிவில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க 23 நொடி ஆகும். அடுத்த அளவுக்கு அவசரப்படும் மாணவிக்கு 23 நொடி என்பது "வந்து சேரவே இல்லை" என்பதுதான்.

சரி, தடை கூடினால் ஏன் இப்படித் தாமதம்? உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஓடும் சுருளை நிறுத்துவது ஒரு வேலை. விலகி நிற்கும் சுருளைச் சுழிக்குக் கொண்டுவருவது இன்னொரு வேலை. தடை முதல் வேலையில் கெட்டிக்காரன்; இரண்டாவது வேலைக்கு அவன் இடைஞ்சல். 10 பிரிவில் நிற்கும் சுருளை மீட்டுக்கொண்டுவருவது இழை. அந்த இழை இழுக்க இழுக்க, தடை பின்னால் பிடித்துக்கொள்கிறது. சுருள் ஊரும்போது θ″ மிகச் சிறியதாகிவிடும்; அதைத் தள்ளிவிட்டால் 5.2θ′ + θ ≈ 0, அதாவது θ′ ≈ −θ/5.2. 1/5.2 என்பது 0.19. துல்லியமான மூலம் 0.2-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். தடைக் கெழு பெரிதாக இருக்கும்போது அதை இன்னும் இரட்டித்தால், திரும்பும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். புத்தகம் சொல்வது இதுதான்.

உங்கள் உள்ளுணர்வுக்கும் உரிய இடம் ஒன்று இருக்கிறது, அதையும் காட்டிவிடுகிறேன். கால்வனோமீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு தட்டுச் சாவி வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால் சுருள் தன்னோடு தானே மூடிக்கொள்ளும். நம் கணக்கில் R வெறும் 100 ஓம், கெழு 15.6, மூலங்கள் −0.064, −15.54. சுற்று திறந்திருக்க, ஒளிப்புள்ளி 10 பிரிவு வீச்சில் ஆடுகிறது என்று வையுங்கள். சுழியைக் கடக்கும்போது அதன் வேகம் நொடிக்கு 10 பிரிவு. சரியாக அந்தக் கணத்தில் சாவியை அழுத்தினால் புள்ளி 0.65 பிரிவைத் தாண்டாது. கண் சிமிட்டும் நேரத்தில் நின்றுவிடும். ஓட்டத்தை நிறுத்தியது −15.54 என்ற மூலம். அதே சாவியை வீச்சின் ஓரத்தில், 10 பிரிவில் அழுத்திப் பாருங்கள். அங்கே நிறுத்துவதற்கு வேகமே இல்லை. இப்போது −0.064-இன் ஆட்சி, புள்ளி பாதி தூரம் திரும்பவே 11 நொடி எடுக்கும். ஆய்வகத்தில் பலர் சாவியைக் கண்டபடி அழுத்திவிட்டு, "சாவி வேலை செய்யவில்லை" என்பார்கள். புள்ளி சுழியைக் கடக்கும்போது தட்டி, உடனே விட வேண்டும். மிச்சம் இருந்தால் அடுத்த முறை கடக்கும்போது மறுபடி தட்ட வேண்டும்.

இனி உங்கள் தேர்வுக் கணக்கு. பெட்டியில் 1200 ஓம். m² + 1.2m + 1 = 0. தன்மைகாட்டி (மூலம் எந்த வகை என்று சொல்லும் b² − 4ac) 1.44 − 4, குறை எண். மூலங்கள் −0.6 ± 0.8i, கலப்பெண்கள். இதைக் கண்டதும் மிரள வேண்டாம். சமன்பாட்டின் கெழுக்கள் மெய்யெண்களாக இருப்பதால் மூலங்கள் இணைகளாகவே வருகின்றன. தொடக்க நிலை மெய்யாக இருந்தால் இரண்டின் கற்பனைப் பகுதிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவதில் −0.6 வீச்சு எப்படித் தேய்கிறது என்று சொல்கிறது, 0.8 எவ்வளவு வேகமாக அலைகிறது என்று சொல்கிறது. தடை இல்லாதபோது 1 ஆக இருந்த அலைவு வேகம் 0.8 ஆகக் குறைந்து, 6.28 நொடியாக இருந்த அலைவு நேரம் 7.85 நொடியாகிவிட்டது. இதுவரை நீங்களும் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

பொது விடை e^(−0.6t) (A cos 0.8t + B sin 0.8t). இங்கேதான் சறுக்கியிருக்கிறீர்கள். "ஓய்வில் இருந்து விடப்பட்டது, ஆகவே cos மட்டும் போதும்" என்று நினைத்துவிட்டீர்கள். தடையில்லாத தனிச் சீரிசை இயக்கத்தில் அது சரி. அங்கே தொடக்கத்தில் cos-இன் சாய்வு பூச்சியம். இங்கே முன்னால் e^(−0.6t) நிற்கிறது. அது பிறக்கும்போதே சரிந்துகொண்டிருக்கிறது. நீங்கள் எழுதிய விடையை வகையிட்டு t = 0 போட்டுப் பாருங்கள்: வேகம் −6 வரும். அதாவது புள்ளியை விடவில்லை, சுழியை நோக்கித் தள்ளியிருக்கிறீர்கள். அந்தச் சரிவை ஈடுகட்டத்தான் sin வேண்டும்: −0.6A + 0.8B = 0, A = 10, ஆகவே B = 7.5.

θ = 10 e^(−0.6t) (cos 0.8t + 0.75 sin 0.8t)

இந்த விடையைக் கண்ணால் பார்க்கலாம். புள்ளி 2.77 நொடியில் சுழியைக் கடக்கும். 3.93 நொடியில் மறுபக்கம் 0.95 பிரிவில் நின்று திரும்பும். மறுபடி இந்தப் பக்கம் வந்து 7.85 நொடியில் 0.09 பிரிவு மட்டும் எட்டும். இதுதான் குறைத்தடை (அலைந்தபடியே தேயும் நிலை).

விடை எழுதி முடித்ததும் அரை நிமிடம் செலவழித்து இரண்டு சோதனை செய்யுங்கள். t = 0 போட்டால் கொடுத்த இடம் வருகிறதா, வகையிட்டு t = 0 போட்டால் கொடுத்த வேகம் வருகிறதா? நீங்கள் இழந்த பாதி மதிப்பெண்ணை இரண்டாவது சோதனை காப்பாற்றியிருக்கும். இன்னொன்று: மூன்று கெழுக்களும் மிகை எண்களாக இருந்தால் மூலங்களின் மெய்ப்பகுதி கட்டாயம் குறை எண்தான். உங்கள் விடையில் e^(+0.6t) என்று எட்டிப்பார்த்தால், எங்கோ குறி மாறிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது நடுவில் இருக்கும் 680 ஓம். m² + 2m + 1 = 0; m = −1, −1. A e^(−t) + B e^(−t) என்று எழுதினால் அது (A + B) e^(−t) தானே? மாறிலி ஒன்றுதான் இருக்கிறது. இடம் 10 என்று வைத்தால் வேகம் தானாகவே −10 ஆகிவிடும். ஓய்வில் இருந்து விடும் சுதந்திரம் நமக்கு இல்லாமல் போகும். கருவியிலோ இடத்தையும் வேகத்தையும் நாம் விருப்பப்படி வைக்க முடிகிறது. ஆகவே இரண்டாவது தீர்வு ஒன்று எங்கோ இருந்தே ஆக வேண்டும்.

அது எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் மனப்பாடத்துக்குப் பதிலாகத் தருகிறேன். மூலங்கள் மிகச் சரியாகச் சமமாக இல்லாமல் −0.9, −1.1 என்று சற்று விலகி இருப்பதாக வையுங்கள். e^(−0.9t), e^(−1.1t) இரண்டும் தீர்வுகள், அவற்றின் வித்தியாசமும் தீர்வு, அந்த வித்தியாசத்தை 0.2-ஆல் வகுத்தாலும் தீர்வுதான். t = 1 இல் அதன் மதிப்பைக் கணியுங்கள்: (0.4066 − 0.3329)/0.2 = 0.3685. t e^(−t) இன் மதிப்பு அங்கே 0.3679. இப்போதே ஒட்டி வந்துவிட்டது. மூலங்களை இன்னும் நெருக்கினால் வித்தியாசம் சிறிதாகும், வகுக்கும் எண்ணும் சிறிதாகும், விகிதம் t e^(−t) இல் போய் நிற்கும். m-ஐப் பொறுத்து e^(mt) ஐ வகையிட்டால் t e^(mt) கிடைக்கும் என்பதுதான் இதன் சாரம். இரண்டு தீர்வுகள் ஒன்றாகி மறைந்தபோது அவற்றுக்கு இடையில் இருந்த இடைவெளி விட்டுச்சென்றதுதான் அந்த t.

அது வளராதா என்று கேட்டீர்கள். t வளரத்தான் செய்கிறது. ஆனால் e^(−t) அதைவிட வேகமாகத் தேய்கிறது. t e^(−t) ஆக உயரமாகப் போவது t = 1 இல், 0.368 வரைதான். t = 10 இல் அது 0.0005-ஐக்கூட எட்டாது. நம் புள்ளிக்கு விடை 10(1 + t) e^(−t): 3 நொடியில் 2 பிரிவு, 5 நொடியில் 0.4, பத்தில் ஒரு பிரிவுக்குள் வர 6.6 நொடி. மறுபக்கம் போகவே போகாது. இதை மாறுநிலைத் தடை (அலைவுக்கும் ஊர்தலுக்கும் எல்லையான நிலை) என்பார்கள்.

"மறுபக்கம் போகாது" என்று சொன்னது ஓய்வில் இருந்து விட்டால் மட்டும். 10 பிரிவில் இருந்து சுழியை நோக்கி நொடிக்கு 30 பிரிவு வேகத்தில் தட்டிவிட்டால் விடை (10 − 20t) e^(−t) ஆகிவிடும். அரை நொடியில் சுழியைக் கடந்து, மறுபக்கம் போய், அங்கிருந்து மெல்லத் திரும்பும். ஒருமுறை கடக்கலாம், இரண்டாம் முறை கடக்காது. மிகைத் தடைக்கும் இதே கதிதான். தேர்வில் "மாறுநிலைத் தடையில் பொருள் ஒருபோதும் சமநிலையைக் கடக்காது, சரியா தவறா?" என்று கேட்டால், தொடக்க வேகத்தைப் பார்க்காமல் சரி என்று எழுதிவிடாதீர்கள்.

மாறுநிலைத் தடையே ஆக விரைவானது என்று பல புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும். அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் இல்லை. அலையாமல் திரும்புவனவற்றுள் அது விரைவானது என்பதே முழு வாக்கியம். நம் எண்களையே பாருங்கள். பத்தில் ஒரு பிரிவுக்குள் அடங்க 680 ஓமுக்கு 6.6 நொடி ஆயிற்று. 1200 ஓமில், அதாவது சற்று அலையும் நிலையில், 6.3 நொடியே போதும். புள்ளி மறுபக்கம் ஒரு பிரிவுக்கும் குறைவாக எட்டிப்பார்த்துவிட்டு வந்து நின்றுவிடுகிறது. அதனால் அளவெடுக்கும் கருவிகளை மாறுநிலைக்குச் சற்றுக் கீழே வைப்பது வழக்கம். அதில் இன்னொரு வசதியும் உண்டு. சுழியைக் கொஞ்சம் தாண்டித் திரும்பும் புள்ளி, சுருள் எங்கும் ஒட்டவில்லை என்பதைக் காட்டிவிடும். ஒரு பக்கமாகவே ஊர்ந்து வந்து நிற்கும் புள்ளி வந்து சேர்ந்துவிட்டதா, இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது.

அடுத்த செய்முறை வகுப்பில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெட்டியில் பெரிய மின்தடையை, சில ஆயிரம் ஓம், எடுத்துக்கொண்டு சாவியைக் கழற்றுங்கள். புள்ளி சுழியைத் தாண்டி ஆடும். மின்தடையைப் படிப்படியாகக் குறைத்து ஒவ்வொரு முறையும் சாவியைப் போட்டுக் கழற்றுங்கள். தாண்டுவது எப்போது முதன்முதலாக நிற்கிறதோ, அப்போது பெட்டியில் உள்ளதோடு சுருளின் மின்தடையையும் கூட்டினால் கிடைப்பது உங்கள் கருவியின் மாறுநிலை மின்தடை. ஒவ்வொரு முறையும் விலகல் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்படி மின்கலப் பக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சிறிய விலகலில் சிறிய தாண்டல் கண்ணுக்குத் தப்பிவிடும். அதற்கும் கீழே 200 ஓமுக்கு வந்தால் அன்று கண்ட அதே ஊர்தலைக் காண்பீர்கள். அதை அன்று கேட்டவருக்கே காட்டலாம். சற்றுப் பொறுத்திருந்தால் புள்ளி பழைய சுழியிலேயே வந்து நிற்பதையும் அவர் பார்ப்பார்.

இழையையும் சுருளையும் பற்றி இன்னும் சந்தேகம் இருந்தால் சுற்றைத் திறந்து, புள்ளியை ஆட விட்டு, ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும் உச்ச அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றின் சிறு தடை மட்டும் இருப்பதால் அவை மெதுவாகக் குறையும். 10, 9, 8.1, 7.3 என்று ஒவ்வொன்றும் முந்தையதில் ஒரே பங்காக இருந்தால் தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. மேலே எழுதிய சமன்பாடு செல்லும். 10, 9, 8, 7 என்று சம அளவில் இறங்கினால் அது உலர் உராய்வு (பரப்பும் பரப்பும் தேய்வதால் வரும், வேகத்தைச் சாராத தடை). சுருள் உள்ளே இருக்கும் இரும்பு உருளையிலோ காந்த முனையிலோ உரசுகிறது. அப்போது நம் மூன்று விடைகளில் எதுவும் அந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது, சுழியும் ஒவ்வொரு முறையும் சற்று மாறி மாறி நிற்கும். பொருத்திப் பார்க்க முயலாமல், கருவியின் அடியில் உள்ள மட்டத் திருகுகளைத் திருப்பி, சுருள் இடைவெளியின் நடுவில் தாராளமாகத் தொங்கும்படி செய்துவிட்டு மறுபடி அளவெடுங்கள்.